மொய் நோட்டு: யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்யணும்? கணக்கு பார்க்கும் வழி இதோ!

வாட்ஸ்அப்ல ஒரு கல்யாணப் பத்திரிகை வருது. உங்களுக்கு அது வெறும் ஃபார்வேர்டு. ஆனா வீட்ல அப்பா முதல்ல கேக்குற கேள்வி, "இவங்க நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க?" என்பதுதான். உடனே பீரோவுக்கு மேல இருந்து ஓரம் கிழிஞ்ச நீள நோட்டு ஒண்ணு இறங்கும். அதுல ஊரைத் தேடி, பெயரைத் தேடி, தொகையைப் பார்த்த பிறகுதான் கவர்ல எவ்வளவு வைக்கணும்னு முடிவாகும்.

அந்த மொய் நோட்டைப் படிக்கத் தெரிஞ்சவர் பெரும்பாலும் வீட்டுக்கு ஒருத்தர்தான் இருப்பார். அவருக்குப் பிறகு அந்த நோட்டு உங்க கைக்குத்தான் வரும். அதுல இருக்குறது வந்த பணத்தோட பட்டியல் மட்டுமில்ல, நீங்க திருப்பிச் செய்ய வேண்டிய கடன் பட்டியலும்கூட. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கெடு தேதியும் கிடையாது. ஆனா மறந்துட்டா, "நாங்க செஞ்சதை அவங்க திருப்பிச் செய்யலை" என்ற பேச்சு தலைமுறைக்கும் நிக்கும்.

பேர் வேற, கணக்கு ஒண்ணு

பெரும்பாலான ஊர்கள்ல இது மொய். மதுரை, தேனி பக்கம் 'செய்முறை'ன்னு சொல்றதும் உண்டு. கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, வளைகாப்பு, புதுமனை புகுவிழான்னு எந்த விசேஷமா இருந்தாலும் மண்டபத்துல ஒரு மேஜை போட்டு எழுதுவாங்க.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்கள்ல கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி பக்கம் இது இன்னும் ஒரு படி மேல. அங்கே ஆடி, ஆவணி மாசங்கள்ல 'மொய் விருந்து'ன்னே தனியா நடத்துவாங்க. கல்யாணமோ காதுகுத்தோ எதுவும் இருக்காது. கறி விருந்து போடுவாங்க, வந்தவங்க சாப்பிட்டுட்டு மொய் எழுதிட்டுப் போவாங்க. விருந்து வைக்கிறவர் மத்தவங்களுக்குச் சில வருஷமா செஞ்சுவந்த பணம், ஒரே நாள்ல மொத்தமா அவர் கைக்குத் திரும்பும். அதுல கிணறு வெட்டுவார், கடனை அடைப்பார், பிள்ளையைப் படிக்க வைப்பார். 'சின்னக் கவுண்டர்' (1992) படத்தைப் பார்த்தவங்களுக்கு மொய் விருந்துன்னா என்னன்னு ஓரளவு தெரிஞ்சிருக்கும். நோட்டு எண்ணுற மெஷின் வைக்கிற அளவுக்குப் பணம் புழங்குற இடம் என்பதால, கணக்கு எழுதுற முறையும் அங்கே கறாரா இருக்கும். அவங்ககிட்ட இருந்து நாம எடுத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு வரியில என்னென்ன இருக்கணும்?

மொய் எழுதுறப்போ வழக்கமான வரிசை இதுதான்: முதல்ல ஊர், அடுத்து தகப்பனார் இனிஷியலோட பெயர், பிறகு அடையாளம், கடைசியா தொகை. ஊர் ஏன் முதல்ல வருதுன்னா, தேடுறப்போ நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஊர்தான். "ஆலங்குடியில இருந்து பத்திரிகை வந்திருக்கு" என்றதும் ஆலங்குடிக்காரங்களை மட்டும் பார்த்தா போதும்.

அடையாளம்தான் பலரும் கோட்டை விடுற இடம். உதாரணத்துக்கு, நோட்டுல "முருகேசன் 501"ன்னு மட்டும் இருக்குன்னு வெச்சுக்கோங்க. எழுதினவருக்கு அன்னிக்கு அது யார்னு தெளிவா தெரியும். பத்து வருஷம் கழிச்சு அதைப் படிக்கிற உங்களுக்கு, சொந்தத்துல ஒரு முருகேசன், தெருவுல ஒரு முருகேசன், அப்பாவோட வேலை பார்த்த ஒரு முருகேசன் இருப்பாங்க. "ஆலங்குடி, க.முருகேசன், ரைஸ்மில், பெரியத்தை சம்பந்தி 501"ன்னு எழுதியிருந்தா சந்தேகமே வராது. வீட்டுப் பெயர், தொழில், யார் வழியில சொந்தம் – இந்த மூணுல ஏதாவது ஒண்ணு கட்டாயம் இருக்கணும்.

பொருளா வந்ததையும் இதே நோட்டுல எழுதணும். மோதிரம் வந்தா அதோட விலையை எழுதாதீங்க, எடையை எழுதுங்க. அரைப் பவுன்னா 4 கிராம். தங்கம் விக்கிற விலைக்கு, 2010-ல வாங்குன மோதிரத்தோட ரூபாய் மதிப்பை இன்னிக்குத் திருப்பிக் கொடுத்தா அது கால் பங்குகூட தேறாது. தங்கமா வந்ததைத் தங்கமாவே, அதே எடைக்குச் செய்றதுதான் முறை.

மொய் மேஜையில மூணு பேர்

அடுத்த விசேஷத்துல "தம்பி, நீ போய் மொய் எழுது"ன்னு உங்களை உக்கார வெச்சா, தனியா உக்காராதீங்க. ஒருத்தர் பணத்தை வாங்கி ஊர், பேர், தொகையைச் சத்தமா சொல்லணும். ஒருத்தர் எழுதணும். ஒருத்தர் பணத்தை எண்ணி, 500, 200, 100-ன்னு பிரிச்சு அடுக்கணும். சத்தமா சொல்றதுல ஒரு விஷயம் இருக்கு. கொடுத்தவர் எதிர்லயே நிக்குறதால, தப்பா எழுதினா அங்கேயே திருத்திடுவார்.

ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் அந்தப் பக்கத்துக்கு மட்டும் கூட்டல் போட்டு அடியில எழுதிடுங்க. கூட்டத்துல நேரம் இருக்காதுதான். ஆனா ராத்திரி கணக்கு இடிக்கிறப்போ உங்களைக் காப்பாத்தப் போறது இந்தப் பக்கக் கூட்டல்தான்.

இப்போ புதுசா ரெண்டு சிக்கல் சேர்ந்திருக்கு. ஒண்ணு, கவர். ஒட்டின கவரை மேஜையில பிரிச்சுப் பார்க்க முடியாது. அதனால கவர் மேல வரிசை எண் போட்டு, நோட்டுல அதே எண்ணோட பேரை எழுதி, தொகை இடத்தைக் காலியா விடுங்க. ராத்திரி பிரிச்சதும் நிரப்பிடலாம். மணமக்கள் கையில மேடையிலேயே கொடுக்குற கவர்கள்தான் அதிகமா தவறிப்போகும். அதை வாங்கி ஒரே பையில போட ஒரு ஆளை நிறுத்தணும்.

ரெண்டாவது, யு.பி.ஐ. க்யூ.ஆர். கோடு வெச்சா சில்லறைப் பிரச்னை இல்லை. ஆனா பணம் வர்றது அக்கவுன்ட் யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்ல. மாமா கொடுத்த மொய், காலேஜ் படிக்கிற அவர் மகன் பேர்ல வந்து நிக்கும். யு.பி.ஐ-ல வந்தாலும் மேஜையில பேரைச் சொல்லி எழுத வைங்க. பக்கத்துல "யு" என்று ஒரு குறி போட்டாப் போதும். ஊர்ல இருந்தபடியே அனுப்புறவங்களோட ஸ்க்ரீன்ஷாட்டை அன்னிக்கே பார்த்து எழுதிடுங்க. வாட்ஸ்அப் சாட்ல புதைஞ்ச மொய், நோட்டுக்கு வந்து சேராது.

ராத்திரி கணக்கு இடிச்சா என்ன பண்றது?

நோட்டோட மொத்தமும், கையில இருக்குற பணமும் யு.பி.ஐ-யும் சேர்ந்த தொகையும் ஒண்ணா இருக்கணும். ஒரு உதாரணம் பார்ப்போம். நோட்டுப்படி மொத்தம் 2,14,607 ரூபாய். கையில ரொக்கம் 1,78,207. யு.பி.ஐ-ல வந்தது 35,500. ரெண்டையும் கூட்டினா 2,13,707. ஆக, 900 ரூபாய் குறையுது.

உடனே யார் மேலயும் சந்தேகப்படாதீங்க. முதல்ல அந்த வித்தியாசத்தை 9-ஆல வகுத்துப் பாருங்க. மீதியில்லாம வகுபட்டா, பெரும்பாலும் அது எழுத்துப் பிழை. 101-ஐ 1001-ன்னு எழுதினா, அதாவது ஒரு சைபர் கூடிப்போனா, வித்தியாசம் சரியா 900 வரும். 501-ஐ 510-ன்னு இலக்கம் மாத்தி எழுதினா 9 வரும். 1,500-ஐ 5,100-ன்னு எழுதினா 3,600 வரும். எல்லாமே 9-ஆல வகுபடும். நம்ம உதாரணத்துல, 1001-ன்னு இருக்குற வரிகளை மட்டும் எடுத்து, "இவர் நிஜமாவே ஆயிரம் செஞ்சிருப்பாரா?"ன்னு பெரியவங்ககிட்ட கேட்டா ஆள் சிக்கிடும்.

9-ஆல வகுபடலைன்னா வேற இடத்துல தேடணும். நோட்டைவிட பணம் 501 கூடுதலா இருந்தா, ஒரு ஆளோட மொய் எழுதாம விட்டுப்போச்சுன்னு அர்த்தம். பணம் கூடதானே இருக்குன்னு இதை விட்டுடாதீங்க. பணம் குறைஞ்சா உங்களுக்கு நஷ்டம், அவ்வளவுதான். பேர் விட்டுப்போனா, செஞ்ச ஒருத்தருக்கு நாளைக்கு நீங்க செய்யாம இருக்கப் போறீங்க. விட்டுப்போன ஆளைக் கண்டுபிடிக்க, மறுநாளே கல்யாண போட்டோக்களையும் பத்திரிகை கொடுத்த லிஸ்ட்டையும் நோட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு வாரம் போனா யாருக்கும் ஞாபகம் இருக்காது.

திருப்பிச் செய்ய வேண்டியது எவ்வளவு?

இதுதான் முக்கியமான இடம். பலரும் கடைசியா வந்த தொகையை மட்டும் பார்த்து முடிவு பண்றாங்க. ஆனா மொய் ஒரு ஓடுற கணக்கு.

ஆலங்குடி முருகேசன் கதையையே எடுத்துக்குவோம். 2012-ல அவர் மகள் காதுகுத்துக்கு உங்க அப்பா 501 செஞ்சார். 2019-ல உங்க அக்கா கல்யாணத்துக்கு அவர் 1001 செஞ்சார். இப்போ அவர் மகனுக்குக் கல்யாணம். நீங்க திருப்ப வேண்டியது எவ்வளவு?

1001-ன்னு சொன்னா அது பாதி பதில்தான். அவர் செஞ்ச 1001-ல, 501 உங்க அப்பா செஞ்சதுக்கான ஈடு. மீதி 500-தான் அவர் புதுசா போட்டது. ஆக, கணக்குப்படி பாக்கி 500 ரூபாய்.

மொய் விருந்து ஊர்கள்ல கத்துக்க வேண்டியதுன்னு சொன்னது இதைத்தான். பழைய மொய் எவ்வளவு, புது மொய் எவ்வளவுன்னு அங்கே பிரிச்சுப் பார்ப்பாங்க. வாங்கினதைத் திருப்பிட்டு, அதுக்கு மேல புதுசா கொஞ்சம் போடுவாங்க. அந்தப் புது மொய்தான் உறவை அடுத்த விசேஷம் வரைக்கும் இழுத்துட்டுப் போற கயிறு. பாக்கியை மட்டும் சரியா கொடுத்துட்டு வந்தா, "கணக்கை முடிச்சுக்கிட்டாங்க"ன்னு எடுத்துக்குவாங்க.

மத்த ஊர்கள்ல பல குடும்பங்கள்ல இப்படிக் கழிச்சுப் பார்க்க மாட்டாங்க. கடைசியா அவங்க செஞ்சதுக்குக் குறையாம செய்யணும், அவ்வளவுதான். அங்கே போய் 501 வெச்சா, "நாங்க ஆயிரம் செஞ்சோம், இவங்க ஐநூறு வெச்சிருக்காங்க" என்பாங்க.

அதனால ரெண்டு எண்ணையும் பாருங்க. பாக்கி, கணக்கைச் சொல்லும். கடைசித் தொகை, மரியாதையைச் சொல்லும். முருகேசனுக்கு நீங்க 1001 செஞ்சா, 500 பழைய பாக்கிக்குப் போகுது, 501 உங்க புது மொய். கணக்கும் சரி, மரியாதையும் சரி. "வருஷம் ஆச்சே"ன்னு 1,501 செய்யணும்னு வீட்ல சொன்னாலும் செய்யலாம். ஆனா அப்போ 1,001 ரூபாயை அவர் தலையில ஏத்துறோம் என்பது தெரிஞ்சிருக்கணும். வசதி குறைவான வீட்டுக்கு அளவுக்கு மீறிச் செஞ்சா, அது அவங்களுக்குப் பாரம்.

நோட்டை போனுக்கு மாத்துறது எப்படி?

முதல் வேலை, நோட்டோட எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து ரெண்டு பேர் போன்ல வெச்சுக்குறது. கரையான், மழைத்தண்ணி, வீடு மாத்துறதுன்னு நோட்டு தொலைய ஆயிரம் வழி இருக்கு.

அடுத்து, கூகுள் ஷீட்ஸ் மாதிரி ஏதாவது ஒண்ணுல ஆறு கட்டம் போடுங்க. A-ல கணக்கு எண், B-ல ஊர், C-ல பெயரும் அடையாளமும், D-ல விழாவும் தேதியும், E-ல நமக்கு வந்தது, F-ல நாம செய்தது. கணக்கு எண் என்பது ஒரு குடும்பத்துக்கு நீங்களா கொடுக்குற ஒரு நம்பர். 'முருகேசன்', 'முருகேஷ்', 'கா.முருகேசன்'னு மூணு விதமா எழுதியிருந்தாலும், ரைஸ்மில் வீட்டுக்கு எல்லா வரியிலயும் 47-ன்னு போட்டுட்டா குழப்பம் வராது.

பிறகு H கட்டத்துல கணக்கு எண்களை வரிசையா எழுதி, I2-ல இதைப் போட்டு கீழே இழுத்துடுங்க:

```
=SUMIFS(E:E,A:A,H2)-SUMIFS(F:F,A:A,H2)
```

47-க்கு நேரா 500-ன்னு வந்தா, நாம செய்ய வேண்டியது. மைனஸ்ல வந்தா, அவங்க நமக்குச் செய்ய வேண்டியது. தங்கம், பாத்திரத்தை இதுல ரூபாயா மாத்தாதீங்க. G-ல "மோதிரம் 4 கிராம்"னு குறிப்பா எழுதினா போதும்.

ரிமைண்டர் வைக்கலாமான்னு கேட்டா, தேதியே இல்லாத கடனுக்கு என்ன அலாரம் வைப்பீங்க? இங்கே அலாரமே பத்திரிகைதான். பத்திரிகை வந்த அன்னிக்கே ஷீட்ல தேடி, தொகையைப் பார்த்து, விசேஷத் தேதியில காலண்டர்ல "47 – ஆலங்குடி – 1001"ன்னு போட்டுடுங்க. செஞ்சுட்டு வந்ததும் அன்னிக்கு ராத்திரியே F-ல ஏத்திடுங்க. வந்ததை ஒழுங்கா எழுதிட்டு, செய்ததை எழுதாம விடுறதுதான் நிறைய வீடுகள்ல நடக்குது. அப்புறம் பாக்கியைப் பார்த்து ரெண்டு தடவை செய்வோம், இல்லைன்னா "செஞ்சாச்சு"ன்னு நினைச்சு ஒரு தடவைகூட செய்ய மாட்டோம்.

விசேஷமே வைக்காத வீடுகளும் உண்டு. பிள்ளைகள் கல்யாணமெல்லாம் முடிஞ்சவங்க, தனியா இருக்குறவங்க எல்லாம் உங்களுக்குச் செஞ்சிருப்பாங்க. அவங்ககிட்ட இருந்து பத்திரிகை வரவே வராது. வருஷத்துக்கு ஒரு தடவை ஷீட்டை வரிசைப்படுத்தி, ரொம்ப நாளா பாக்கி நிக்கிற பேர்களைப் பாருங்க. பேரன் காதுகுத்தோ, வீட்டுப் பால் காய்ச்சலோ நடந்தா விசாரிச்சுப் போய்ச் செஞ்சுட்டு வரலாம்.

உங்க கல்யாண மொய் யாருடைய கடன்?

கல்யாணம் ஆகப் போறவங்க இதை முன்னாடியே வீட்ல பேசிடுறது நல்லது. பெரும்பாலும் உங்க கல்யாண மொய்யை வாங்குறது அப்பா, அம்மா. மண்டப வாடகையும் சமையல் பாக்கியும் அதுலதான் அடையும். சொந்தக்காரங்க செஞ்சதும் அவங்க முன்னாடி செஞ்சதுக்கான ஈடுதான். அதனால அந்தக் கணக்கைத் திருப்புறதும் அவங்க பொறுப்பு. ஆனா உங்க ஆபீஸ் நண்பர்கள், காலேஜ் கூட்டாளிகள் செஞ்சது உங்களுடையது. அதை முதல்லயே தனி ஷீட்டா பிரிச்சு எழுதி, நீங்களே வெச்சுக்கோங்க.

அண்ணன், தம்பி தனிக்குடித்தனம் போறப்போ இதே கேள்வி பெருசா வரும். வீட்டையும் நிலத்தையும் பிரிப்பாங்க, மொய் நோட்டை மறந்துடுவாங்க. அப்பா காலத்துக்குப் பிறகு, "பெரியவன் செய்வான்"னு சின்னவரும், "சின்னவன் கல்யாணத்துக்கு வந்த மொய்தானே"ன்னு பெரியவரும் விட்டுட, செஞ்சவர் வீட்டு விசேஷத்துக்கு யாருமே செய்யாம போயிடும். யார் விசேஷத்துக்கு வந்த பணமோ அவரே திருப்பணும்னு ஒரு பொதுவான முறை உண்டு. பெத்தவங்க இருக்கும்போதே ஒவ்வொரு வரிக்கும் நேரா யார் பேர்னு குறிச்சு வாங்கிட்டா சண்டைக்கு இடமில்லை.

வரி உண்டா?

உங்க சொந்தக் கல்யாணத்துக்கு உங்களுக்கு வர்ற அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. காதுகுத்து, புதுமனை புகுவிழா, மொய் விருந்துக்கு இந்த விலக்கு இல்லை. பெத்தவங்க, உடன்பிறந்தவங்க, மாமா, அத்தைன்னு சட்டம் சொல்ற நெருங்கிய உறவினர்கள் கொடுத்தது கணக்குல வராது. மத்தவங்க கொடுத்தது ஒரு நிதியாண்டுல மொத்தமா 50,000 ரூபாயைத் தாண்டினா, தாண்டின பகுதி மட்டுமில்ல, முழுத் தொகையும் வருமானமா எடுத்துக்கப்படும். சித்தப்பா பையன், மாமா பொண்ணு எல்லாம் சட்டத்தோட பார்வையில 'மத்தவங்க'தான். ஒரே விசேஷத்துக்கு ஒரே ஆள்கிட்ட 2 லட்சம் ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கவும் கூடாது. பெரிய தொகைன்னா பேங்க் வழியா வாங்கிக்கோங்க. கேள்வி வந்தா, ஊர், பேர், தொகையோட ஒழுங்கா எழுதின நோட்டு உங்களுக்கு உதவியா இருக்கும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, அப்பாவையோ பாட்டியையோ பக்கத்துல உக்கார வெச்சு, நோட்டுல வெறும் பேரா நிக்கிற ஆட்களைக் காட்டி "இது யாரு?"ன்னு கேளுங்க. அவங்க சொல்லச் சொல்ல ஷீட்டோட C கட்டத்துல அடையாளத்தை ஏத்துங்க. தொகையை நோட்டுல எப்போ வேணும்னாலும் பார்த்துக்கலாம். அந்தப் பேருக்குப் பின்னாடி இருக்குற ஆளைச் சொல்ல அவங்களாலதான் முடியும்.